துணி விலைக்குள் ஒளிந்திருக்கும் வட்டி

திருப்பூரில் பனியன் துணியை மீட்டரில் அளப்பதில்லை, கிலோவில் நிறுக்கிறார்கள். கிலோ என்ன விலை என்று கேட்டால், துணி கொடுப்பவர் பெரும்பாலும் பதிலுக்கு ஒரு கேள்வியைப் போடுவார்: "எத்தன நாள்ல பணம் போடுவீங்க?" விலை அதற்குப் பிறகுதான் வரும். ஒரே துணிக்கு ஏழு நாளில் ஒரு விலை, நாற்பத்தைந்து நாளில் இன்னொரு விலை. இந்த இரண்டு விலைகளுக்கு நடுவில் இருப்பது வட்டி. ஆனால் பில்லில் வட்டி என்ற சொல்லே இருக்காது.

பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துக்கொள்கின்றன. அவை நூலைத் தாங்களே வாங்கி, நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் கூலி மட்டும் கொடுத்துத் துணியாக்கிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு தையல் மிஷினோடு உள்நாட்டுச் சந்தைக்கு டி-ஷர்ட் தைக்கும் யூனிட்டுக்கு அந்த வசதி குறைவு. தயாரான துணியை, துணி உற்பத்தியாளரிடமோ வியாபாரியிடமோதான் வாங்கியாக வேண்டும். பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டியதும் இவர்கள்தான்.

உதாரணத்துக்கு அப்படி ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். நடத்துபவர் ஒரு பெண். மாதம் ஏறத்தாழ 5,000 டி-ஷர்ட் வெளியே போகிறது. 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, அதாவது ஒரு சதுர மீட்டர் 180 கிராம் இருக்கும் துணி. வெட்டில் போகும் கழிவையும் சேர்த்துக் கிலோவுக்கு ஐந்து பீஸ் வருகிறது என்று வைத்தால், மாதம் 1,000 கிலோ துணி தேவை. துணி கொடுப்பவர் உத்யம் பதிவு உள்ள ஒரு சிறு உற்பத்தியாளர். கீழே வரும் விலைகள் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. நூல் விலை மாற மாற அவையும் மாறும். கணக்குப் போடும் வழி மாறாது.

"நாப்பத்தஞ்சு நாள்னா நானூத்தி இருவது ரூவாங்க்கா."

"சரிங்கண்ணா. பில்லு வந்து ஏழு நாள்ல பேங்க்ல போட்டுட்டா?"

"அப்படின்னா பத்து ரூவா கொறைச்சுக்கலாமுங்க."

இங்கே அவர் செய்த முக்கியமான வேலை, விலையையும் கெடுவையும் தனித்தனியாகக் கேட்டதுதான். "நல்ல ரேட் போட்டு, நாளும் கொஞ்சம் சேத்துக் குடுங்க" என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்டிருந்தால் ஒரு தொகைதான் பதிலாக வந்திருக்கும். அதில் துணிக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இப்போது இரண்டு விலை கையில் இருப்பதால் கடனின் விலை தெரிந்துவிடுகிறது.

கணக்கு எளிது. ஏழாவது நாள் 410 ரூபாய். நாற்பத்தைந்தாவது நாள் 420 ரூபாய். ஆக, 410 ரூபாயை 38 நாள் வைத்துக்கொள்ள 10 ரூபாய் கூலி. நூற்றுக்கு மாதம் என்று கணக்கிட்டால் 1 ரூபாய் 93 காசு, கிட்டத்தட்ட இரண்டு வட்டி. ஆண்டுக்கு 23 சதவீதத்துக்கு மேல். "பத்து ரூபாய்தானே" என்று தோன்றுவது, வட்டியாகச் சொல்லிப் பார்த்தால் வேறு மாதிரி கேட்கும்.

இது லாபமா நஷ்டமா என்பது, வாங்குபவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. வங்கியில் 11 சதவீதத்துக்கு ஓவர் டிராஃப்ட் இருந்தால், 410 ரூபாய்க்கு 38 நாள் வட்டி சுமார் 4 ரூபாய் 70 காசு. ஏழு நாளில் கட்டினால் கிலோவுக்கு 5 ரூபாய் 30 காசு மிஞ்சும். வெளியில் இரண்டு வட்டிக்குப் பணம் புரட்டிக் கட்டுவதானால், 38 நாளுக்கு 10 ரூபாய் 40 காசு ஆகும். தள்ளுபடியைவிட வட்டி அதிகம். அவருக்கு நாற்பத்தைந்து நாள் கடனே மேல். ஒரே சலுகை ஒருவருக்கு லாபமாகவும் பக்கத்து யூனிட்காரருக்கு நஷ்டமாகவும் முடியலாம்.

வங்கிப் பணம் இருந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. மாதா மாதம் 1,000 கிலோவுக்கும் முன்னதாகவே கட்டிக்கொண்டு போனால், அந்த 38 நாள் இடைவெளியில் ஜிஎஸ்டி 5 சதவீதத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஐந்தரை லட்சம் ரூபாய் எப்போதும் துணியில் மாட்டிக்கொண்டிருக்கும். இந்த யூனிட்டின் ஓவர் டிராஃப்டில் புழங்குவதற்கு மிஞ்சியிருப்பது மூன்று லட்சம்தான் என்றால், முழுச் சரக்குக்கும் ஏழு நாள் விலையை ஒப்புக்கொள்வது ஆபத்து. தையல் கூலிக்கும் பேக்கிங்குக்கும் பணம் இல்லாமல் போகும். அதனால் அவர் பாதிச் சரக்குக்கு ஏழு நாள், மீதிப் பாதிக்கு நாற்பத்தைந்து நாள் என்று பிரித்துக் கேட்டார். சில துணிக்காரர்கள் இதற்கு யோசிப்பார்கள், ஆனால் தனித்தனி பில்லாகப் போட்டுக்கொள்ளலாம் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ரொக்க விலை என்று பேச்சில் சொன்னாலும் பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் நோட்டாகக் கொடுத்தால் வருமான வரியில் அது செலவாக ஏற்கப்படாது.

கெடு நாற்பத்தைந்தோடு நின்றதற்குக் காரணம் உண்டு. கேட்டால் அறுபது நாளும் தொண்ணூறு நாளும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய பணத்துக்கு நாற்பத்தைந்து நாள்தான் உச்சவரம்பு. இரு தரப்பும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாலும் அதைத் தாண்ட முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக, கேட்க அவருக்கு உரிமை உண்டு. பழகின மனிதர் கேட்கமாட்டார் என்று நம்பலாம். வருமான வரித் துறை அப்படி விடாது. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்தின்படி, இந்தக் கெடுவைத் தாண்டி மார்ச் 31-க்கும் பாக்கி நிற்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். லாபம் கையில் வராமலே அதற்கு வரி கட்ட நேரும். கணக்கர்கள் "43பி(எச்)" என்று சொல்லிப் பயமுறுத்துவது இதைத்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் சட்டம் தரும் கெடு நாற்பத்தைந்து நாள்கூட அல்ல, பதினைந்து நாள். வாய்ப்பேச்சில் நாற்பத்தைந்து நாள் என்று முடித்துவிட்டுக் காகிதத்தில் எதுவும் இல்லாமல் வாங்குபவர், பதினாறாவது நாளிலிருந்தே சட்டப்படி தவணை தவறியவர். பர்ச்சேஸ் ஆர்டரில் "பணம் 45 நாளில்" என்று ஒரு வரி எழுதி, துணிக்காரர் அதை ஏற்றுக் கையெழுத்திட்டால் போதும். துணி கொடுப்பவர் உற்பத்தியாளராக இல்லாமல் வாங்கி விற்கும் வியாபாரியாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. அங்கே அறுபது நாள் பேசலாம். ஆகவே பேரத்துக்கு உட்காருவதற்கு முன்பே எதிரில் இருப்பவரின் உத்யம் சான்றிதழை வாங்கிப் பார்ப்பது நல்லது.

அந்த நாள்கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதும் பேச வேண்டிய விஷயம். துணிக்காரர்கள் பில் தேதியிலிருந்து எண்ணுவார்கள். துணியோ சாயப்பட்டறையிலிருந்து நான்கு நாள் கழித்து வரும். சட்டம் இங்கே வாங்குபவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. சரக்கு கைக்கு வந்த பதினைந்து நாளுக்குள் குறையை எழுத்தில் தெரிவித்தால், அந்தக் குறையைத் துணிக்காரர் தீர்த்த நாளிலிருந்துதான் கெடு ஓடும். தெரிவிக்காவிட்டால் சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். "ஷேடு மாறியிருக்குதுங்க" என்று போனில் சொல்வது எழுத்து ஆகாது. ரோல் எண்ணோடு ஒரு மெயில் போட்டுவிட்டால் ஆகும். நாள் வைத்துச் செக் கொடுக்கும் வழக்கம் உள்ள இடத்தில், துணியைப் பார்த்துப் பாஸ் செய்த பிறகே செக்கை நீட்டுவது இதனால்தான்.

இனி, அதிகம் வாங்குவதற்கான தள்ளுபடி. "ஆயிரம் கிலோ எடுக்கறேன், என்ன கொறைப்பீங்க?" என்பதே வழக்கமான கேள்வி. ஆயிரம் என்பது வாங்குபவருக்கு முழு எண். துணிக்காரரின் செலவு அந்த எண்ணில் குறைவதில்லை. எங்கே குறைகிறது என்று தெரிந்தால்தான் எதைக் கேட்பது என்று தெரியும்.

பின்னலாடைத் துணியின் விலையில் பெரும்பங்கு நூல். அதற்கு மேல் நிட்டிங் கூலி, சாயக் கூலி, காம்பாக்டிங், இடையில் போகும் எடை இழப்பு, கடைசியில் லாபம். நூல் விலை நூற்பாலைகள் அறிவிப்பது. சிறு உற்பத்தியாளர் அதில் கை வைக்க முடியாது. அளவைப் பொறுத்து உண்மையாகவே ஏறி இறங்குவது சாயச் செலவு. சாயமிடும் மிஷினுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. 250 கிலோ பிடிக்கும் மிஷினில் 140 கிலோவைப் போட்டாலும் அதே எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ ஓடியாக வேண்டும். நீரும் நீராவியும் பாதியாகக் குறைந்துவிடாது. திருப்பூரில் நீர் மலிவான சமாசாரம் அல்ல. நொய்யல் மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தினால்தான் பட்டறை ஓட முடியும் என்ற நிலை. அந்தச் செலவு ஒவ்வொரு லாட்டிலும் ஏறுகிறது.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்க சாய லாட் எத்தன கிலோ?" என்பது. இந்த யூனிட்காரர் அதுவரை மாதம் ஏழு நிறம் எடுத்துவந்தார். ஒவ்வொன்றும் 140 கிலோ சொச்சம். மொத்தம் ஆயிரம் கிலோ ஆனாலும் ஏழு லாட்டுமே அரைகுறை. அதை மாதத்துக்கு நான்கு நிறம், ஒவ்வொன்றும் 250 கிலோ என்று மாற்றி, கறுப்பையும் வெள்ளையையும் மாதந்தோறும் வைத்துக்கொண்டு மற்ற நிறங்களை மாற்றி மாற்றிச் சுழற்றினார். வாங்கிய அளவு ஒரு கிலோகூடக் கூடவில்லை. ஆனால் துணிக்காரருக்கு ஏழு முறை ஓட வேண்டிய மிஷின் நான்கே முறை ஓடுகிறது. குறைக்க அவரிடம் இப்போது உண்மையிலேயே இடம் இருக்கிறது. அவருடைய லாபத்தைப் பிடுங்கி வாங்கும் குறைப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அடுத்த மாதம் தெரியும். பிடுங்கி வாங்கியது எப்படியாவது திரும்பிப் போய்விடும். எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்தது, மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் பேசுவது. மூவாயிரம் கிலோவை ஒரே தடவையில் வாங்கி அடுக்கினால் விலை குறையும், ஆனால் அது வலை. துணியில் முடங்கிய பணத்துக்கு மாதம் கிலோவுக்கு ஏறக்குறைய நான்கு ரூபாய் வங்கி வட்டி. அதைவிட மோசம், நிறம். ஜூனில் வாங்கிய பாட்டில் கிரீன் ஆகஸ்டில் யாருக்கும் வேண்டாமல் போனால், அது காதர்பேட்டையில் வந்த விலைக்குப் போகும். அங்கே விழும் அடியை எந்தத் தள்ளுபடியும் ஈடுகட்டாது.

இதற்கு மாற்று, அளவுக்கு மட்டும் வாக்குக் கொடுத்து நிறத்தைத் தள்ளிவைப்பது. மூன்று மாதத்தில் 3,000 கிலோ எடுப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். துணிக்காரர் அதைச் சாயமேற்றாத கிரே துணியாகப் பின்னி வைத்துக்கொள்ளலாம். எந்த நிறத்தில் எத்தனை லாட் என்பதை மாதத் தொடக்கத்தில் சொன்னால் போதும். அவருக்கு நிட்டிங் மிஷின்கள் தடையில்லாமல் ஓடும். வாங்குபவருக்கு நிறத்தில் தப்புக் கணக்குப் போடும் ஆபத்து குறையும். நூல் விலை நடுவில் ஏறினால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். இவர்கள், நூல் விலையில் கிலோவுக்குப் பத்து ரூபாய் வரை ஏறினாலும் இறங்கினாலும் துணி விலை மாறாது, அதற்கு மேல் மாறுவதை இருவரும் பாதிப் பாதி என்று வைத்துக்கொண்டார்கள். ஏற்றத்துக்கு மட்டும் விதி எழுதி இறக்கத்தை விட்டுவிடுவதே வழக்கம். அவர் இரண்டையும் எழுத வைத்தார்.

தள்ளுபடியின் வாசகத்தில் ஒரு சின்னச் சொல் பெரிய தொகையை விழுங்கும். "காலாண்டில் 2,500 கிலோ தாண்டினால் கிலோவுக்கு 6 ரூபாய் தள்ளுபடி" என்று துணிக்காரர் சொன்னார். எந்தக் கிலோவுக்கு? 2,500-க்கு மேல் எடுக்கும் கிலோவுக்கு மட்டும் என்றால், 3,000 கிலோ வாங்கியவருக்குக் கிடைப்பது 500 கிலோவின் தள்ளுபடி, 3,000 ரூபாய். முதல் கிலோவிலிருந்தே என்றால் 18,000 ரூபாய். இரண்டுமே அந்த ஒரே வாக்கியத்துக்குப் பொருந்தும். "தாண்டினால், மொத்த அளவுக்கும்" என்ற சொற்களைச் சேர்த்த பிறகே அவர் கையெழுத்துப் போட்டார். காலாண்டு முடிவில் கிரெடிட் நோட்டாக வரும் இந்தத் தள்ளுபடி, விற்பனைக்கு முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டதாக இருந்தால் ஜிஎஸ்டி கணக்கில் சிக்கல் குறைவு. வரியோடு சேர்த்துக் கிரெடிட் நோட் வந்தால், வாங்குபவர் தம் உள்ளீட்டு வரி வரவிலும் அந்த அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது, பிடுங்கி வாங்கிய விலை எப்படித் திரும்பிப் போகிறது என்பது.

துணியைக் கிலோவில் வாங்குகிறோம், பீஸாக விற்கிறோம். 180 ஜிஎஸ்எம் கேட்ட இடத்தில் 190 வந்தால் துணி கெட்டியாக, கைக்கு நன்றாகவே இருக்கும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கிலோவுக்கு ஐந்து பீஸ் வந்த இடத்தில் 4.74 பீஸ்தான் வரும். ஆயிரம் கிலோவில் 263 பீஸ் குறையும். ஒரு பீஸுக்குத் துணி 82 ரூபாய் என்றால் 21,500 ரூபாய்க்கு மேல் போயிற்று. கிலோவுக்கு இருபது ரூபாய்க்கு மேல் விலை ஏற்றியதற்குச் சமம். பில்லில் மட்டும் 410 என்றே இருக்கும். இது வேண்டுமென்றே நடக்க வேண்டும் என்பதில்லை. காம்பாக்டிங்கில் துணியைக் கொஞ்சம் கூடுதலாக நெருக்கினாலே எடை ஏறும். வேண்டுமென்றே நடக்கும் வேறு வழிகளும் உண்டு. கோம்டு நூல் என்று பேசிவிட்டுக் கார்டடு நூலில் பின்னுவது அவற்றில் ஒன்று. அதைத் துணியின் மேலே தெரியும் முடியிலும், துவைத்த பிறகு உருளும் பிசிறிலும் பிடித்துவிடலாம்.

ஜிஎஸ்எம்மைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வட்டமாக வெட்டும் ஜிஎஸ்எம் கட்டர் ஒன்று, சிறு தராசு ஒன்று. கட்டர் வெட்டித் தரும் வட்டம் 100 சதுர சென்டிமீட்டர். அது எத்தனை கிராமோ அதை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.8 கிராம் என்றால் 180, 1.9 என்றால் 190. ரோலைப் பிரித்துச் சில மணி நேரம் தளர விட்ட பிறகு, ஓரத்தை விட்டு நடுவில் வெட்ட வேண்டும். ஒரு ரோலில் மட்டும் பார்த்தால் போதாது. கூடவே 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்தால் எவ்வளவு சுருங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். 47 ஆகக் குறைந்தால் 6 சதவீதம் சுருக்கம். அளவு குறைந்த டி-ஷர்ட்டாகக் கடைக்காரரிடமிருந்து அது திரும்பி வரும்.

இதனால் அவர் விலையில் கடைசி ஒரு ரூபாய்க்கு மல்லுக்கட்டவில்லை. அந்த நேரத்தை வேறொரு வரிக்குச் செலவிட்டார்: ஜிஎஸ்எம் 180, மேலும் கீழும் 3 சதவீதம் வரை ஏற்கலாம், அதற்கு மேல் கூடும் எடைக்குப் பணம் கிடையாது. துணிக்காரர் 5 சதவீதம் கேட்டார். தொழிலில் பொதுவாகப் புழங்குவது அதுதான் என்பதால் அது நியாயமற்ற கேள்வியும் அல்ல. நான்கே முழு லாட், மூன்று மாத உறுதி, பாதிச் சரக்குக்கு ஏழு நாளில் பணம் என்று தாம் கொடுத்ததை எண்ணிக் காட்டித்தான் அவர் அதை மூன்றுக்குக் கொண்டுவர முடிந்தது.

மூன்று மாதக் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தால், முன்கூட்டிக் கட்டிய 1,500 கிலோவில் வங்கி வட்டி போக மிச்சம் 7,950 ரூபாய். மொத்த அளவுத் தள்ளுபடி 18,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 25,950. பதினைந்தாயிரம் பீஸுக்குப் பங்கிட்டால் பீஸுக்கு 1 ரூபாய் 73 காசு. கடைக்காரரிடம் ஒரு ரூபாய்க்குப் பேசிக்கொண்டிருக்கும் தொழிலில் இது நல்ல தொகை. அந்த மூன்றில் ஒரே ஒரு மாதத்துத் துணி 190 ஜிஎஸ்எம்மில் வந்திருந்தால் இதில் 21,500 ரூபாய்க்கு மேல் கரைந்து, நாலாயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சியிருக்கும். 3 சதவீத விதி இருப்பதால் அப்படி வந்தாலும் 24 கிலோவுக்கான பணம், ஏறத்தாழ 9,900 ரூபாய், பில்லில் கழியும். முழு நஷ்டமும் திரும்பாது. மிச்சத்தைத் தடுக்க வேண்டுமானால், வெட்டும் மேஜையில் துணியை விரிப்பதற்கு முன்பே கட்டரை எடுத்து, கூடுதல் எடையோடு வந்த ரோல்களைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். வெட்டிய துணியை எந்த ஒப்பந்தத்தைக் காட்டினாலும் துணிக்காரர் திரும்ப வாங்கமாட்டார்.